ஏரிச் செய்தியும் ஏரிக் கதையும்

பணி ஓய்வுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்குச் செய்தி எழுதப் பழக்கி வருகிறேன். போன மாதம் கொடுத்த பயிற்சி, நமக்கெல்லாம் தெரிந்த தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். ஒரே விஷயத்தைத் தலைகீழ்ப் பிரமிடாக ஒரு முறையும், செய்திக் கட்டுரையாக ஒரு முறையும் எழுதி வரச் சொன்னேன்.

தலைகீழ்ப் பிரமிடு என்றால் கனமானது மேலே, லேசானது கீழே. 2020 நவம்பர் 21 அன்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா இந்த நீர்த்தேக்கத்தைத் திறந்து வைத்தார். சென்னைக் குடிநீருக்கு இது ஐந்தாவது ஏரி. இது முதல் பத்தி. 380 கோடி ரூபாய்ச் செலவு, அரை டி.எம்.சி. கொள்ளளவு என்பது இரண்டாவது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டியது, கிருஷ்ணா நீரைத் தேக்குவதற்கானது என்பது மூன்றாவது. விவசாயிகளின் பட்டா நிலங்களும் இதற்காக எடுக்கப்பட்டன என்பது கடைசி.

எழுதியது சரியா என்று பார்க்கக் கத்தரிக்கோல் போதும். கீழிருந்து ஒவ்வொரு பத்தியாக வெட்டுங்கள். முதல் பத்தி மட்டும் மிஞ்சினாலும் செய்தி நிற்க வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் பக்கம் கட்டுபவர் இதைத்தான் செய்தார். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வரிகளை எடுத்துவிடுவார். யாரையும் கேட்க மாட்டார்.

எனக்கும் அது நேர்ந்தது. ஒரு கிராமத்து மேய்க்கால் நிலம் பற்றி எழுதியபோது, அதிகாரி சொன்னதை மேலேயும் ஊர்க்காரர்கள் சொன்னதைக் கடைசியிலும் வைத்தேன். ராத்திரி ஒரு விளம்பரம் வந்தது. கடைசிப் பத்தி போய்விட்டது. பக்கம் கட்டியவரைப் பல வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஜனங்களை அடியில் வைத்தது என் கைதான் என்பது பிறகுதான் உறைத்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் கட்டுரையாக எழுதிவிடலாமா? கூடாது. மழைக்காலத்தில் ஏரியின் உபரி நீரைத் திறக்கிறார்கள் என்றால், எத்தனை மணிக்கு, எந்தெந்த ஊர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். அங்கே போய்க் கருமேகத்தை வர்ணித்தால் அது பாவம்.

பிள்ளைகள் கொண்டுவந்த கட்டுரைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பித்தது: பனி படர்ந்த காலை, கொக்குகள், தளும்பும் நீர். பிறகு பார்த்தால் அதே 380 கோடி. பிரமிடுக்குப் பூச்சூடிவிட்டார்கள், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னேன். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுப் பூண்டி என்றோ செம்பரம்பாக்கம் என்றோ போட்டுப் படியுங்கள். அப்போதும் அந்தக் காட்சி பொருந்தினால், எழுதியவர் அந்த இடத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

என் கட்சி இதுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்தில் இல்லை, குறிப்பு நோட்டில் இருக்கிறது. திறப்பு விழா நடந்தது சென்னைக் கலைவாணர் அரங்கில். அங்கே உட்கார்ந்தபடியே முழுச் செய்தியையும் எழுதிவிடலாம், ஏரியைப் பார்க்கவே வேண்டாம். கட்டுரைக்கு அது போதாது. யாருடைய நிலம், என்ன பயிர், பழைய ஏரியில் எந்த மாதம் வரை தண்ணீர் நின்றது, இன்றைக்கு அந்த ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டு எழுதி வர வேண்டும். ஆகவே இரண்டு பயிற்சிக்கும் ஒரே குறிப்பைக் கொடுப்பதே தப்பு. அந்தத் தப்பை நானும் செய்தேன்.

ஒரு மாணவி மட்டும் நேரே போயிருந்தாள். கரைமேல் நின்று தண்ணீருக்குள் கை நீட்டி, தன் வயலின் வரப்பு எந்த இடத்தில் இருந்தது என்று காட்டும் ஒரு பெரியவரோடு ஆரம்பித்தாள். மூன்றாவது பத்தியில், இது ஏன் நமக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டாள்: சென்னைக்குக் குடிநீர் கிடைக்க இந்த ஊர் எதைக் கொடுத்தது என்பதே விஷயம். அந்த மையப் பத்தி இல்லாவிட்டால் வாசகர் ‘இதெல்லாம் எதற்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். கோடிக் கணக்கும் கொள்ளளவும் அதற்குப் பிறகுதான் வந்தன, வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாக. கடைசியில் பெரியவரிடமே திரும்பினாள். அவர் வீட்டுக்குள் போய்ப் பழைய நில வரி ரசீதைக் கொண்டுவந்து காட்டியதாக முடித்திருந்தாள்.

பழக்கதோஷத்தில் அடிப்பத்தியை விரலால் மறைத்துப் பார்த்தேன். கட்டுரை பாதியில் அறுந்து தொங்கியது. விரலை எடுத்துவிட்டேன்.