புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் என்ன தெரிகிறது?

எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் பலர் இப்போது யூடியூப் சேனல் வைத்திருக்கிறோம். பாடம் நடத்துவதில் காட்டும் கவனத்தைச் சேனலின் முகப்பில் காட்டுவதில்லை என்பது எமது கருத்து. நாமும் அதே பிழையைச் செய்தவர்கள்தான்.

நாம் சிலர் சேர்ந்து தரம் 10, 11 கணிதப் பாடங்களைப் பதிவேற்றி வந்தோம். ஒரு நாள் மாணவி ஒருத்தி, "சேர், இருபடிச் சமன்பாடு உங்கட சேனல்ல இல்லையே" என்றாள். பாடம் இருந்தது. ஆனால் முகப்பில் தெரிந்தது பரிசளிப்பு விழாக் காணொளியும், கடைசியாகப் போட்ட நான்கு காணொளிகளும்தான். டேட்டா கார்ட் போட்டுப் படிக்கும் பிள்ளை எவ்வளவு நேரம் தேடும்?

இவ்வளவு காலமும் எமக்கு இது ஏன் தெரியவில்லை? சேனலுக்குச் சந்தாதாரர் ஆகாதவருக்கு ஒரு காணொளியையும், ஆனவருக்கு வேறொன்றையும் முகப்பில் வைக்க யூடியூப் இடம் தருகிறது. நாம் எல்லோரும் சந்தாதாரர்கள். புதியவர் பார்ப்பதை நாம் பார்த்ததே இல்லை. கணக்கிலிருந்து வெளியேறி, அல்லது இன்காக்னிட்டோவில், சேனலைத் திறந்த பிறகுதான் அந்த விழாக் காணொளி முன்னால் நிற்பது தெரிந்தது.

YouTube Studio-வில் Customization பகுதிக்குப் போனால் இரண்டையும் மாற்றலாம். புதியவருக்கான டிரெய்லராக 50 வினாடிக் காணொளி ஒன்றை எடுத்தோம். வணக்கவுரையும் இசையும் இல்லை. முதல் வசனமே "தரம் 10, 11 கணிதம், தமிழில், அலகு அலகாக" என்பது. அடுத்து ஒரு சிறு கணக்கைச் செய்துகாட்டினோம், கற்பிக்கும் விதம் பிள்ளைக்குப் புரியட்டும் என்று. கடைசியில், "கீழே உங்கள் தரத்தைத் தெரிவுசெய்யுங்கள்" என்றோம்.

அப்படிச் சொன்னால் கீழே அது இருக்க வேண்டும். முகப்பில் 12 பகுதிகள் வரை வைக்கலாம். நாம் வைத்தது நான்கு: தரம் 10, தரம் 11, கடந்தகால வினாத்தாள், புதிய காணொளிகள். முதல் மூன்றும் பிளேலிஸ்ட்கள். தரம் 10, 11 பிளேலிஸ்ட்களைப் பதிவேற்றிய திகதிப்படி விடாமல், அலகு வரிசையில் கையால் ஒழுங்குபடுத்தினோம். பிளேலிஸ்ட் Private ஆக இருந்தால் புதியவருக்கு அந்தப் பகுதி தெரியாது. எமக்கு மட்டும் தெரிவதால் ஏமாந்துபோவோம். மாற்றியபின் Publish அழுத்த மறந்தாலும் வேலை வீண்.

"தேடிப் பார்த்தால் கிடைக்குமே" என்று ஒரு நண்பர் சொன்னார். பாடத்தின் பெயர் தெரிந்த பிள்ளைதான் தேடும். அலகின் பெயரே தெரியாமல் பின்தங்கிய பிள்ளைக்கு வரிசைதான் வழிகாட்டி. அந்தப் பிள்ளைக்காகத்தானே சேனல் தொடங்கினோம்?

சேனல் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இன்றிரவு ஒருமுறை கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் முகப்பைப் பாருங்கள். யாருக்கு, என்ன பாடம், எங்கே தொடங்குவது என்ற மூன்றும் ஒரு நிமிடத்துக்குள் விளங்காவிட்டால், அடுத்த பாடத்தைப் பதிவேற்றுவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.