நாலு வரிச் செய்தியில் எது போகலாம், எது போகக்கூடாது?

பள்ளி, வங்கி, குடியிருப்போர் சங்கம் என்று எல்லா இடங்களிலிருந்தும் இப்போது மின்னஞ்சல் வருகிறது. ஆனால் வீடுகளில் முதலில் படிக்கப்படுவது செல்போன் செய்திதான். அதனால் நீண்ட மின்னஞ்சலைச் சுருக்கி, எஸ்.எம்.எஸ்ஸாகவோ வாட்ஸ்அப் குழுவிலோ போடும் வேலை யாராவது ஒருவர் தலையில் விழுகிறது. அலுவலக உதவியாளராக இருக்கலாம், வகுப்புக் குழுவை நடத்தும் ஒரு தாயாக இருக்கலாம். சுருக்கும்போது வணக்கமும் மரியாதைச் சொற்களும் போனால் நஷ்டமில்லை. கெடு தேதியும் செய்யவேண்டிய வேலையும் போய்விட்டால்தான் வம்பு.

உதாரணத்துக்கு, ஒரு பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குப் போகும் இந்த மின்னஞ்சலைப் பாருங்கள்.

"மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம். பொதுத்தேர்வுக்கான மாணவர் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் பணி நடைபெற்று வருவதைத் தாங்கள் அறிவீர்கள். மாணவரின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் அடங்கிய படிவம் மாணவர்கள் வழியாக அனுப்பப்பட்டுள்ளது. மேற்படி விவரங்களைச் சரிபார்த்து, திருத்தம் இருப்பின் சிவப்பு மையில் குறித்து, பிறப்புச் சான்றிதழ் நகலை இணைத்தும், திருத்தம் இல்லாவிடினும் கையொப்பமிட்டும், 21.11.2025 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்குமாறு பெற்றோர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அதன்பின் வரும் திருத்தங்கள் பள்ளியில் ஏற்கப்படமாட்டாது."

அவசரத்தில் சுருக்கினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "பெற்றோர் கவனத்துக்கு: பத்தாம் வகுப்பு பெயர்ப்பட்டியல் விவரங்களைச் சரிபார்த்து, திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் தெரிவிக்கவும். மேலும் விவரங்களுக்கு மின்னஞ்சலைப் பார்க்கவும்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "திருத்தம் இருந்தால்" என்ற இரண்டு சொற்கள் வேலையையே மாற்றிவிட்டன. பிழை இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரவேண்டும் என்றது மின்னஞ்சல். செய்தியைப் படித்தவர்களோ, பிழை இல்லையென்றால் ஒன்றும் செய்யவேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியர் போன் செய்து கேட்டால், "எல்லாம் சரியாத்தானே சார் இருந்துச்சு, அதான் குடுத்து விடலை" என்ற பதில்தான் வரும். அவர்கள் மேல் தப்பில்லை.

"வெள்ளிக்குள்" என்பதும் தொல்லைதான். வியாழனோடு முடிகிறதா, வெள்ளியும் சேர்த்தியா? அந்தச் செய்தியை ஒருவர் இரண்டு நாள் கழித்து மாமியாருக்கோ, வெளியூரில் இருக்கும் கணவருக்கோ அனுப்பினால், அது எந்த வெள்ளி? 'நாளை', 'இந்த வாரம்' போன்ற சொற்களும் இப்படித்தான். செய்தி கைமாறியதும் அவற்றின் பொருளும் மாறிவிடும். தேதி, கிழமை, மணி மூன்றையும் எழுதிவிட்டால் இந்தச் சந்தேகம் வராது. தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால், எங்கோ தட்டச்சுப் பிழை இருக்கிறது என்று படிப்பவர் உடனே கேட்டும்விடுவார்.

ஆக, சுருக்கும் வேலையை வெட்டுவதிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் மின்னஞ்சலிலிருந்து ஐந்து பதில்களைப் பொறுக்கி ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். யார்? பத்தாம் வகுப்புப் பெற்றோர், எல்லோரும். என்ன செய்யவேண்டும்? சரிபார்த்து, கையெழுத்திட்டுத் தரவேண்டும். பிழை இருந்தால் சிவப்பு மையில் குறித்து நகல் இணைக்கவேண்டும். யாரிடம்? வகுப்பாசிரியரிடம். எப்போதுக்குள்? 21.11 வெள்ளி மாலை 4 மணி. தவறினால்? பள்ளியில் திருத்தம் ஏற்கமாட்டார்கள். இந்த ஐந்தைத் தவிர மற்றதெல்லாம் போகலாம். பட்டியல் தயாராகிவரும் சேதி போகலாம். 'தாங்கள் அறிவீர்கள்' தாராளமாகப் போகலாம்.

பொறுக்கும்போது அலுவலகத் தமிழ் ஓர் இடத்தில் ஏமாற்றும். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பது வேண்டுகோள் போலத் தொனித்தாலும், இங்கே அது கட்டாயம். அதைச் செய்தியில் "கொடுத்தால் நல்லது" என்று மென்மையாக்கினால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். "கொடுக்க வேண்டும்" என்றே எழுதவேண்டும். எதிர்ப்பக்கமும் கவனம் தேவை. "அதன்பின் பள்ளியில் ஏற்கப்படமாட்டாது" என்பதை "இனி திருத்தவே முடியாது" என்று மாற்றக் கூடாது. பள்ளி சொன்னது தன் எல்லையைப் பற்றி மட்டும்தான். பெயரில் உண்மையாகவே பிழை உள்ள பிள்ளையின் வீட்டில் அந்த ஒரு வரி தேவையில்லாத பீதியைக் கிளப்பும்.

இனி எழுதிப் பார்க்கலாம்:

"21.11 வெள்ளி மாலை 4 மணிக்குள்: 10ஆம் வகுப்பு பெயர்ப்பட்டியல் படிவத்தைச் சரிபார்த்து, கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். பிழை இல்லாவிட்டாலும் கையெழுத்து தேவை. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி, பிறப்புச் சான்றிதழ் நகல் இணைக்கவும். தேதிக்குப் பின் பள்ளியில் திருத்தம் ஏற்கப்படாது. – பள்ளி அலுவலகம்"

கெடு முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. போனைத் திறக்காமலே திரையில் தெரிவது செய்தியின் முதல் ஓரிரு வரிகள்தான். அங்கே "மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு" என்று இருந்தால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிவிடுவார்கள். தேதி கண்ணில் பட்டால் கை தானாகத் திறக்கும். யார் அனுப்பியது என்பதும் கடைசியில் இருக்கவேண்டும். பெயரில்லாத செய்தியை இந்தக் காலத்தில் யார் நம்புகிறார்கள்?

வாட்ஸ்அப் என்றால் இந்த நீளம் ஒரு பொருட்டே அல்ல. எஸ்.எம்.எஸ் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறிகள்தான். அதிலும் மெய்யின் புள்ளி, கொக்கி, கால் எல்லாம் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். 'பள்ளி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. போன் அதை ஐந்தாக எண்ணுகிறது. 70ஐத் தாண்டினால் செய்தி 67, 67 குறிகளாகப் பிரிந்து போகும். சாதாரணமாக, வாங்கும் போன் அவற்றை ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டிவிடும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டணம் கணக்காகும். மேலே உள்ள செய்தி சுமார் 310 குறி, அதாவது ஐந்து பகுதி.

செலவை மிச்சப்படுத்த ஒரே பகுதிக்குள் அடக்கலாமே என்று தோன்றும். "21.11 வெள்ளி மாலை 4க்குள் படிவம் கையெழுத்திட்டுத் தரவும்" என்று எழுதினால் 56 குறிதான். ஆனால் எந்தப் படிவம், யாரிடம், பிழை இருந்தால் என்ன செய்வது என்ற மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. மிச்சமான நாலு பகுதிக் காசை, பெற்றோர் போன் போட்டுக் கேட்கும் நேரம் தின்றுவிடும். குறைக்கத்தான் வேண்டுமென்றால் சொற்களில் குறைக்கலாம். "கையொப்பமிட்டு ஒப்படைக்குமாறு" என்பது "கையெழுத்திட்டுத் தரவும்" ஆகலாம். ஐந்து பதில்களில் கைவைக்கக் கூடாது.

அனுப்பும் முன் ஒரு சோதனை. மின்னஞ்சலைப் பார்க்காத ஒருவரிடம் செய்தியை மட்டும் காட்டி, "நீங்க என்ன செய்யணும், எப்போதுக்குள்ளே?" என்று கேட்கவேண்டும். பக்கத்து மேசை ஊழியரோ, வீட்டில் இருக்கும் அத்தையோ போதும். அவர் சொல்லும் பதிலை மின்னஞ்சலோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் அனுப்பலாம். அவர் "பிழை இருந்தாத்தானே குடுக்கணும்?" என்று திருப்பிக் கேட்டால், செய்தியில் எந்த வரி குறைகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.