"டைரக்ட்" விமானம் வழியில் நிற்குமா?

"டைரக்ட் விமானம்தான், ஐயா. வழியில் மாறவே வேண்டாம்."

டிக்கெட் விற்பவர் இப்படிச் சொன்னதும் பணத்தை நீட்டிவிடாதீர்கள். "வழியில் எங்காவது இறங்குமா?" என்று கேளுங்கள்.

விமானத் தொழிலில் "டைரக்ட்" என்றால், புறப்படும் ஊர் முதல் போய்ச் சேரும் ஊர் வரை ஒரே எண் என்றுதான் பொருள். நடுவில் அது இறங்கி ஏறலாம். எங்குமே இறங்காதது "நான்-ஸ்டாப்". இந்த வேறுபாட்டை விற்பவர்களே விளக்கிச் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை.

சிங்கப்பூரில் இருந்து நியூயார்க் போவதைப் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்சின் எஸ்.கியூ. 24 நிற்காமல் பறக்கிறது. சுமார் 15,300 கிலோமீட்டர். ஏறத்தாழ 18 மணி நேரம் ஆகும். எஸ்.கியூ. 26 ஜெர்மனியில் உள்ள பிராங்க்பர்ட்டில் இறங்கிப் போகிறது. நாலைந்து மணி நேரம் கூடுதல்.

ஆனால், அதில்தான் பெரும்பாலும் கட்டணம் குறைவு! இரண்டு முறை இறங்குவதற்குச் செலவு அதிகம் அல்லவா? பிறகு எப்படிக் கட்டும்?

காரணம், எண்ணெய். 15,300 கிலோமீட்டருக்கு வேண்டிய எண்ணெயைப் புறப்படும்போதே சுமக்க வேண்டும். அந்த எண்ணெயைத் தூக்கிச் செல்லவே எண்ணெய் செலவாகும்! எனவே ஆட்களைக் குறைக்கிறார்கள். நிற்காத விமானத்தில் 161 இடங்கள்தான். அதே ரக விமானத்தை மற்றத் தொலைதூர ஊர்களுக்கு 253 இடங்களுடன் அந்த நிறுவனம் ஓட்டுகிறது. அந்த 161 இடங்களிலும் மலிவான "எகானமி" வகுப்பே கிடையாது. பிராங்க்பர்ட் வழி விமானத்தில் அது உண்டு.

இன்னொரு வரவும் இருக்கிறது. பிராங்க்பர்ட்டில் சிலர் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து நியூயார்க் போகிறவர்கள் அந்த இடங்களில் ஏறுவார்கள். ஒரு நாற்காலிக்கு இரண்டு டிக்கெட்!

அவசரக்காரர்கள் நிற்காத விமானத்துக்கு எவ்வளவும் கொடுப்பார்கள் என்பதும் நிறுவனத்துக்குத் தெரியும். அதனால் விலை ஏறுகிறது. கூட்டம் மிகுந்த நாட்களில் நிற்கும் விமானமும் விலை ஏறிவிடும். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிராங்க்பர்ட்டில் எல்லோரும் கைப்பையோடு இறங்க வேண்டும். மறுபடியும் சோதனை. பிறகு ஏற வேண்டும். பெட்டி தானாகவே நியூயார்க் போய்விடும். முதல் பயணம் தாமதமானாலும் அடுத்த விமானத்தைத் தவறவிடும் பயம் இல்லை. இரண்டும் ஒரே விமானம் அல்லவா? (சில நிறுவனங்கள் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நடுவில் விமானத்தையே மாற்றுவதும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு, நிற்கும் விமானமே போதும் என்பேன். நடுவில் காலை நீட்டி நடக்கலாம். பணமும் மிச்சம். மொழி தெரியாத வயதான தாய் தனியாகப் போகிறாரா? கையில் பணம் இருந்தால் நிற்காததையே வாங்குங்கள். இல்லாவிட்டால், "நடுவில் ஒரு ஊரில் இறங்கச் சொல்வார்கள். அது நியூயார்க் அல்ல" என்று புறப்படும் முன்பே சொல்லி அனுப்புங்கள். அந்த நடு ஊருக்கு விசா வேண்டுமா என்பதையும் டிக்கெட் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.