பவுன் கணக்கும் பில் கணக்கும்



முகூர்த்த மாதம் வந்துவிட்டால் நம் வீடுகளில் நகைப் பேச்சும் வந்துவிடும். ‘அந்தக் கடையில் சேதாரம் எட்டே சதவீதமாம்’ என்று ஒருவர் சொல்வார். ‘இந்தக் கடையில் கூலியே கிடையாதாம்’ என்பார் இன்னொருவர். மும்பையிலிருந்து பேசும் நாத்தனார் தோலாவில் விலை சொல்வார். எதை எதோடு ஒப்பிடுவது என்று புரியாமல், கடைசியில் பழகிய கடைக்கே போய்விடுகிறோம்.

முதலில் எடை. ஒரு பவுன், அதாவது சவரன், நம் கடைகளில் சரியாக 8 கிராம். பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் வழி வந்த அளவு இது. அந்த நாணயத்தின் எடை 7.988 கிராம். அதைத்தான் முழுதாக்கி 8 என்று வைத்துக்கொண்டோம். தோலாவில்தான் சிக்கல். பழைய தோலா 11.66 கிராம். துபாயில் விற்கும் பத்து தோலா கட்டி இந்தக் கணக்கில்தான் 116.64 கிராம் இருக்கும். மும்பைப் பக்கத்து நகைக்கடைகளிலோ இன்று பேச்சுவழக்கில் தோலா என்றால் 10 கிராம். ஒரே சொல்லுக்குள் ஒன்றரை கிராமுக்கு மேல் வித்தியாசம். அதனால் நாத்தனாரிடம், “தோலா இருக்கட்டும், கிராம் என்ன விலை, எத்தனை காரட்?” என்று கேட்டுவிடுங்கள்.

காரட்டையும் சேர்த்துக் கேட்கக் காரணம் உண்டு. செய்திகளில் 10 கிராம் விலை என்று வருவது பெரும்பாலும் 24 காரட்டுக்கானது. நாம் வாங்கும் நகையோ பெரும்பாலும் 22 காரட். கணக்கு எளிதாக இருக்க, 24 காரட் 10 கிராம் ரூ.1,20,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் ரூ.12,000. அதை 24-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் 22 காரட் கிராம் ரூ.11,000, பவுன் ரூ.88,000. கடைப் பலகையில் இதிலிருந்து சற்றுக் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் வீட்டிலேயே போட்டுப் பார்க்க இது போதும்.

இப்போது அந்த இரண்டு கடைகளுக்கும் போவோம். இரண்டிலும் ஒரே மாடல் சங்கிலி, இரண்டு பவுன், அதாவது 16 கிராம். கிராம் விலையும் அதே ரூ.11,000.

முதல் கடை: சேதாரம் 12 சதவீதம், செய்கூலி இல்லை. 16 கிராமோடு சேதாரம் 1.92 கிராம் சேர்ந்து 17.92 கிராமுக்குப் பணம் கட்டுகிறோம்: ரூ.1,97,120. மூன்று சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் ரூ.2,03,034.

இரண்டாவது கடை: சேதாரம் 8 சதவீதம், செய்கூலி கிராமுக்கு ரூ.700. 17.28 கிராமுக்கு ரூ.1,90,080, கூலி ரூ.11,200, வரியோடு சுமார் ரூ.2,07,318.

எட்டு சதவீதக் கடைதான் நாலாயிரத்துச் சொச்சம் கூடுதல்! சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தால் இது தெரிந்திருக்காது. எனவே எந்தக் கடையானாலும் பில்லின் மொத்தத் தொகையை, கைக்கு வரும் தங்கத்தின் நிகர கிராமால் வகுத்துவிடுங்கள். முதல் கடையில் கிராம் ரூ.12,690; இரண்டாவதில் ரூ.12,957. இந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிட்டால் போதும். ஒரே மாடலை, ஒரே நாளில், ஒரே காரட்டில் ஒப்பிட வேண்டும். கையால் செய்த நகாசு வேலைக்கும் மெஷின் சங்கிலிக்கும் சேதாரம் ஒன்றாக இருக்காது.

கல் வைத்த நகையில் ‘நிகர’ என்ற சொல்லை மறக்காதீர்கள். மொத்த எடை 16 கிராம், அதில் கல் ஒன்றரை கிராம் என்றால் தங்கம் 14.5 கிராம்தான். தங்க விலையும் சேதாரமும் அந்த 14.5-க்கு மட்டுமே போடப்பட வேண்டும். கல்லுக்குத் தனி விலை. வகுக்கும்போது, மொத்தத் தொகையிலிருந்து கல்லின் விலையைக் கழித்துவிட்டு 14.5-ஆல் வகுக்க வேண்டும். நாளை விற்கப் போனாலும் கல்லைக் கழித்துத்தான் எடை பார்ப்பார்கள். அப்போது சேதாரமும் கூலியும் திரும்பி வராது.

தரத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது. பி.ஐ.எஸ். முத்திரை, 22K916 என்ற குறி, ஆறு எழுத்து–எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும் நகையில் இருக்க வேண்டும். பொடி எழுத்துதான், லென்ஸ் கேட்டால் கடையிலேயே தருவார்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும்.

பணம் கட்டும் முன் எஸ்டிமேட் சீட்டு கேளுங்கள். மொத்த எடை, கல் எடை, நிகர எடை, கிராம் விலை, சேதாரம், கூலி, வரி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். அப்படி எழுதித் தரத் தயங்கும் கடையில், தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்