மாநாட்டு அழைப்புக் கடிதம் கையில்... ஆனாலும் விசா மறுப்பு ஏன்? ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை தேர்வாகிவிட்டது. அழைப்புக் கடிதமும் வந்துவிட்டது. ‘அப்புறம் என்ன, விசா கிடைச்சிடும்’ என்றுதான் பல ஆய்வு மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால், அழைப்புக் கடிதம் பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: எதற்காகப் போகிறீர்கள்? செலவு யாருடையது, திரும்பி வருவீர்களா என்ற மற்ற இரண்டு கேள்விகளுக்கு அதில் பதில் இருக்காது. பெரும்பாலான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பணம் எங்கே?

ஓர் உதாரணம். கோவையில் பிஎச்.டி. செய்யும் ஒரு மாணவி, செப்டம்பரில் மியூனிக்கில் நடக்கும் நான்கு நாள் மாநாட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.37,000 ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெறுகிறார். பதிவுக் கட்டணத்தைத் துறை கட்டுகிறது. விமானக் கட்டணத்துக்கு மத்திய அரசின் ஏ.என்.ஆர்.எஃப். பயண உதவித் திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறார். தங்கும் செலவு அவருடையது.

கேட்க எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், அவர் கொடுக்கும் காகிதங்களைப் பாருங்கள். அழைப்புக் கடிதத்தின் கடைசி வரி, ‘பயணச் செலவுக்கு மாநாட்டுக் குழு பொறுப்பல்ல’ என்கிறது. பல்கலைக்கழகத்தின் தடையில்லாச் சான்று, ‘போய்வர ஆட்சேபம் இல்லை’ என்பதோடு முடிகிறது. பயண உதவியோ, திரும்பி வந்து பில், போர்டிங் பாஸ் கொடுத்த பிறகு கிடைக்கும் பணம். மூன்று காகிதம் இருந்தும், இன்றைய தேதிக்குப் பணம் இருப்பதாக ஒன்றுகூடச் சொல்லவில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு பக்க விளக்கக் கடிதம் போதும். பதிவுக் கட்டணம், விமானம், தங்குமிடம், காப்பீடு என ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் தருகிறார்கள், அதற்கு எது ஆதாரம் என்று எழுத வேண்டும். பின்னால் வரப்போகும் தொகையை இப்போது தற்காலிகமாக யார் போடுகிறார்கள் என்பதும் அதில் வேண்டும். பெற்றோர் என்றால் அவர்களின் கடிதம், வங்கி அறிக்கை இரண்டும் இணைக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் தன் கணக்கில் திடீரென ஒன்றிரண்டு லட்சம் போட்டு வைப்பது உதவாது, சந்தேகத்தைத்தான் கூட்டும்.

திரும்பி வருவதற்கு என்ன சான்று?

தடையில்லாச் சான்றில் விடுப்புத் தேதிகள், மீண்டும் பணிக்குச் சேரும் நாள், உதவித்தொகை எதுவரை தொடரும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். நான்கு நாள் மாநாட்டுக்கு 15 நாள் விசா கேட்டால், மீதி நாள்களின் திட்டத்தையும் சொல்ல வேண்டும். அந்த நாள்களில் பாரிஸில்தான் அதிகம் தங்குவார் என்றால், ‘முதன்மைப் பயண நாடு ஜெர்மனிதானா?’ என்ற கேள்வியும் எழும்.

எப்போது விண்ணப்பிப்பது?

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், ஆனால் 45 நாள் வரை நீளலாம். எனவே, செப்டம்பர் மாநாட்டுக்கு ஜூன் கடைசியில் ‘அப்பாயின்ட்மென்ட்’ வாங்கிவிடுவது நல்லது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விசா கட்டணம் 90 யூரோ. ஆனால், அறிவியல் மாநாட்டுக்குச் செல்லும் ஆய்வாளர்களுக்கு ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் 16-வது பிரிவு விலக்கு தருகிறது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி.

மறுத்துவிட்டால்?

மறுப்புப் படிவத்தில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும். ‘போதிய பணவசதிக்கு ஆதாரம் இல்லை’ என்றால், செலவு விவரத்தைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். ‘திரும்பிச் செல்வாரா என்பதில் ஐயம்’ என்றால் கொஞ்சம் கடினம். வேலை, படிப்பு, குடும்பம் தொடர்பான புதிய சான்றுகள் வேண்டும். ஜெர்மனி, தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் முறையை 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. மிஞ்சுவது புதிய விண்ணப்பம் அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு. மாநாட்டுத் தேதிக்குள் வழக்கு முடியும் என்று எதிர்பார்க்க முடியாது.

மறுப்பு விவரம் ஷெங்கன் தகவல் தொகுப்பில் ஐந்து ஆண்டு இருக்கும். பின்னாளில் பிரிட்டன் விசா படிவம் இதைக் கேட்கும். அங்கே மறைப்பது மறுப்பைவிடப் பெரிய சிக்கல்.

கட்டுரையின் கதி என்ன? பல மாநாடுகளில் ஆசிரியர்களில் ஒருவராவது பதிவு செய்யாவிட்டால், கட்டுரை தொகுப்பில் வராது. அதனால், பணம் கட்டும் முன்பே அமைப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்று விஷயம் கேட்டுவிடலாம்: விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, இணை ஆசிரியர் வாசிக்கலாமா, காணொலியில் வழங்கலாமா? பதில் எழுத்தில் இருந்தால், விசா கிடைக்காவிட்டாலும் கட்டுரையைக் காப்பாற்றலாம்.