கையிலிருந்து கொடுத்த காசுக்கும் வருமான வரியா?

மும்பை, புனே பக்கம் இருக்கிற நம்மாட்கள் இப்பல்லாம் எஃப்டியை விட்டுட்டு பாண்டு வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி ரீடெய்ல் டைரக்ட் திறந்ததிலிருந்து அரசாங்க பாண்டை வீட்டிலிருந்தே வாங்கலாம். நல்லதுதான். ஆனா ரெண்டு வட்டித் தேதிக்கு நடுவில் வாங்குகிறவர் தலையில் விழுகிற ஒரு வரியைப் பற்றி விற்கிறவர் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அதுதான் கோபம்.

கணக்கைப் பாருங்க. 8% வட்டி தரும் அரசு பாண்டு, முகமதிப்பு 10 லட்சம். ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் 40,000 ரூபாய் வட்டி வரும். நீங்க அக்டோபர் 1-ல் முகமதிப்புக்கே வாங்கறீங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாசம் வைத்திருந்தவர் பழைய ஓனர். அவருக்குச் சேர வேண்டிய 26,667 ரூபாயை (மாசத்துக்கு 30 நாள் என்று 120 நாள் கணக்கு) விலையோடு சேர்த்து நீங்க கொடுக்கணும். மொத்தம் 10,26,667.

டிசம்பர் 1-ல் முழு 40,000-மும் உங்க கணக்குக்கு வரும். அதில் 26,667 நீங்க முன்னாடியே கொடுத்த காசு. உண்மையில் சம்பாதித்தது ரெண்டு மாச வட்டி, 13,333 மட்டும்தான். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. வரித்துறையைத் தவிர :-)

விஜயா பாங்க் வழக்கில் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னதுன்னா, இப்படிக் கொடுத்தது பாண்டின் விலையில் ஒரு பகுதி, முதலீட்டுச் செலவு. வட்டி வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. வருமான வரிச் சட்டமும் முதலீட்டுச் செலவைக் கழிக்க விடாது. ஆக 40,000-மும் 'இதர வருமானம்'. 30% வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 12,480 ரூபாய் வரி. சம்பாதித்தது 13,333, வரி 12,480, மிச்சம் 853 ரூபாய். நியாயமா 4,160 கட்டினால் போதும்.

"அந்த 26,667-ஐ வாங்கிய விலையில் சேர்த்துக்கலாமே, கடைசியில் நஷ்டமா காட்டலாமே" என்பார்கள். காட்டலாம், பாண்டு முதிரும்போது. பத்து வருஷம் கழித்தும் இருக்கலாம். அதுவும் மூலதன நஷ்டம், வட்டியில் கழிக்க முடியாது. மூலதன லாபம் இருந்தால்தான் உதவும்; எட்டு வருஷத்துக்குள் அப்படி லாபம் வராட்டி அதுவும் போச்சு. ஊரில் பாண்டு வட்டியை நம்பி இருக்கிற அப்பாவுக்கு மூலதன லாபம் எங்கேருந்து வரும்?

இன்னொரு கூத்து, அதே 26,667 விற்றவருடைய விற்பனை விலையிலும் இருக்கு. அங்கேயும் அது வரிக் கணக்குக்குள் வரும். ஒரே காசு, ரெண்டு பேர் கணக்கில்.

வங்கிகளுக்கு மட்டும் வழி திறந்திருக்கு. பாண்டை வியாபாரச் சரக்காக வைத்திருந்தால் இந்த வட்டியைக் கழிக்கலாம் என்று 2002-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் பாம்பே ஹைகோர்ட் சொன்னது. 2024 அக்டோபரில் பாங்க் ஆஃப் ராஜஸ்தான் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. அமெரிக்காவில் சாதாரண மனுஷனே வரிப் படிவத்தில் முழு வட்டியைக் காட்டி, கொடுத்த வட்டியைத் தனி வரியில் கழித்துக்கலாம். இங்கே வங்கிக்கு ஒரு நியாயம், பென்ஷன்காரருக்கு ஒரு நியாயம். சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் தீருகிற விஷயம் இது.

அது வரும்வரை என்ன செய்யலாம்? சில ஏஜெண்டுகள் "சும்மா 13,333 மட்டும் போடுங்க சார்" என்கிறார்கள். செய்யாதீங்க. கம்பெனி பாண்டாக இருந்தால் முழு 40,000-க்கும் உங்க பான் பேரில் டிடிஎஸ் பிடித்து, ஏஐஎஸ்-ல் ஏறியிருக்கும். குறைத்துக் காட்டினால் நோட்டீஸ் வர வழி. விஜயா பாங்க் தீர்ப்பு பிறகு நீக்கப்பட்ட பழைய பிரிவுகளைப் பற்றியது, எனக்குப் பொருந்தாது என்று வாதாட விரும்பினால், முழு வட்டியைக் காட்டி, கழிவைத் தனியாகக் காட்டி, வட்டி தனியாக எழுதப்பட்ட காண்ட்ராக்ட் நோட்டைப் பத்திரமா வைத்துக்கிட்டு வாதாடுங்க. ஜெயிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

வம்பே வேண்டாம்னா, வட்டித் தேதி முடிந்த கையோடு வாங்குங்க. இதே பாண்டை ஜூன் 5-ல் வாங்கினால் சேர்ந்த வட்டி 889 ரூபாய்தான். அக்டோபரில்தான் பணம் கையில் இருக்குன்னா, டிசம்பர் வரை காத்திருங்க, இல்லாட்டி சமீபத்தில் வட்டி கொடுத்த வேறு பாண்டைப் பாருங்க. புது வெளியீட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை.

விற்கிறவரிடம் "எத்தனை பர்சென்ட் ஈல்டு" என்று கேட்பதற்கு முன்னாடி "சேர்ந்த வட்டி எவ்வளவு" என்று கேளுங்க. அவர் காட்டுகிற ஈல்டில் இந்த வரி இருக்காது.