விலைக்குப் பக்கத்தில் ஒரு வெட்கக் குரங்கு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணா, ஒரு புது கிளையண்டுக்கு மெசேஜ் அனுப்பினனான். அவர் விலையைக் குறைக்கச் சொல்லுறார். நான் என்ன பிழை விட்டனான் எண்டு ஒருக்கா பாருங்கோ."

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வெப்சைட் வடிவமைத்துக் கொடுக்கிறாள். இந்தக் கிளையண்ட் ரொறன்ரோவில் ஒரு சின்னப் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறார். 5 பக்கமும் ஒரு முன்பதிவு படிவமும் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவள் ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"ஹாய்! இந்த வேலை கிடைத்தால் ரொம்பச் சந்தோஷம் 😊 ஒரு 2,400 டொலர் அளவில் வரும் என்று நினைக்கிறேன் 🙈 அநேகமாக 3 கிழமையில் முடிக்கலாம் 🤞 உங்களுக்குச் சரிதானே?"

அரை மணித்தியாலத்தில் பதில் வந்திருக்கிறது: "1,800 என்றால் எப்படி? 2 கிழமையில் முடித்தால் நல்லது 😊"

"இந்த 2,400 எப்படி வந்தது?" என்று கேட்டேன். சட்டென்று சொன்னாள். 40 மணித்தியால வேலை, மணிக்கு 60 டொலர். சின்னவன் டேகெயாரில் இருக்கும்போது, வீட்டு வேலை போக அவளுக்கு ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம் கிடைக்கும். 3 கிழமையில் 15 வேலை நாள், அதாவது 45 மணித்தியாலம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்று 5 மணித்தியாலம் கையில் வைத்திருக்கிறாள். 2 கிழமை என்றால் 30 மணித்தியாலம்தான். மிச்சம் 10 மணித்தியாலத்தையும் இரவு நித்திரையில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

அவளுடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் மெசேஜில் அந்தக் கணக்கு எங்கேயும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கிற குரங்கு விலைக்குப் பக்கத்தில் நின்று, "இவ்வளவு கேட்கிறதுக்கு எனக்கே வெட்கமாக இருக்கு" என்கிறது. திகதிக்குப் பக்கத்தில் பின்னிய விரல், "முடியுமோ தெரியாது, பார்ப்பம்" என்கிறது. அவள் சொல்ல வந்தது இரண்டும் இல்லை. கேட்கிற ஆளுக்கு 2,400 முடிவான விலையாகத் தெரியாமல் பேரம் தொடங்கும் இடமாகத் தெரிந்திருக்கலாம்.

அதற்காக இமோஜியால்தான் 600 டொலர் போனது என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டாலும் அவர் குறைத்துக் கேட்டிருக்கலாம். "ஒரு 2,400 அளவில்", "அநேகமாக", "சரிதானே" என்ற சொற்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. குரங்கை மட்டும் அழித்துவிட்டு இந்தச் சொற்களை விட்டுவைத்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. நான் பார்ப்பது வருகிற பதிலை. "எங்கள் பட்ஜெட் 2,000 தான், எதைக் குறைக்கலாம்?" என்று கேட்டால் அவர் வேலையைப் பற்றிக் கதைக்கிறார். காரணம் ஒன்றும் சொல்லாமல் இலக்கத்தை மட்டும் வெட்டினால், எங்களுடைய தயக்கத்தை அவர் கண்டுவிட்டார் என்று எண்ண இடம் இருக்கிறது.

புதுக் கிளையண்ட் என்பது இங்கே முக்கியம். இஸ்ரேல், நெதர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து செய்து 2018இல் ஒரு சமூக உளவியல் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்று இதைப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒருவரின் முதல் வேலை மின்னஞ்சலில் சிரிப்பு முகம் இருந்தால், வாசிப்பவர்கள் அவரைக் கூடுதல் அன்பானவராக நினைக்கவில்லை. திறமை குறைந்தவராக நினைத்தார்கள். அவர்கள் எழுதிய பதிலிலும் விவரம் குறைவாக இருந்தது. சம்பிரதாயம் இல்லாத சூழலில் இந்த விளைவு மாறியது. அந்த ஆய்வு முதல் அபிப்பிராயத்தைப் பற்றியது, விலை பேசுவதைப் பற்றியது இல்லை. ஆனாலும் விலை சொல்லும் நேரத்தில் எங்களிடம் இருக்கிற ஒரே பலம் "இவளுக்கு வேலை தெரியும்" என்ற நம்பிக்கைதான்.

தங்கச்சி அதற்குள் அடுத்த மெசேஜையும் எழுதி வைத்திருந்தாள், அனுப்பவில்லை. அதில் 👍 மட்டும் இருந்தது. "கண்டுட்டன் எண்டு சொல்லத்தான் அண்ணா. யோசிச்சு நாளைக்கு எழுதலாம் எண்டு நினைச்சன்."

நல்ல வேளை அனுப்பவில்லை. 2021இல் சஸ்காச்சுவானில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, 87 தொன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னது. அவர் 👍 அனுப்பினார். விதை வரவில்லை. "கிடைத்தது என்று சொல்லத்தான் அனுப்பினேன்" என்றார். 2023இல் நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே எடுத்து, 82,000 டொலருக்கு மேல் கட்டச் சொன்னது. 2024இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. அந்த விவசாயி முன்பும் "ஓகே" போன்ற சின்னப் பதில்களால் ஒப்பந்தங்களை ஏற்றிருந்தார் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. புதுக் கிளையண்டோடு அப்படிப் பழைய வழக்கம் ஒன்றும் இல்லை. அதனாலேயே, 👍 என்றால் கண்டதா ஒப்புக்கொண்டதா என்று தீர்மானிக்கிற வேலையை அவரிடம் விடக்கூடாது.

இரண்டு பேருமாக இருந்து எழுதினோம்:

"உங்கள் பதிலுக்கு நன்றி. 5 பக்கமும் முன்பதிவு படிவமும் 40 மணித்தியால வேலை. அதற்கு 2,400 டொலர், 3 கிழமை. 1,800 டொலருக்கு என்றால் படிவத்தையும் ஊழியர் அறிமுகப் பக்கத்தையும் விட்டுவிட்டு மிச்சத்தைச் செய்து தரலாம். அதற்கு 12 வேலை நாள் வேண்டும். எது உங்களுக்குப் பொருந்தும்?"

இதில் இமோஜி இல்லை. ஆனால் கோபமும் இல்லை, நன்றி இருக்கிறது. விலை குறைந்தால் வேலையும் குறையும் என்பது இலக்கமாகவே நிற்கிறது.

"கொஞ்சம் கடுமையா இருக்குதோ அண்ணா?" என்றாள். எங்கட குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு 🙏, ஒரு ❤️ இல்லாமல் ஒரு செய்தியும் போகாது. வெறும் வசனம் வந்தால் அம்மா உடனே போன் எடுத்து "என்ன, கோவமோ?" என்று கேட்பா. அந்தப் பழக்கத்தோடு காசு கேட்கும்போது கை தானாக ஒரு முகத்தைத் தேடுகிறது. ஆனால் அந்தக் கிளினிக்காரர் அம்மா இல்லை. அவருக்கு மரியாதை என்பது தெளிவான பதில்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் எழுதினார். கிளினிக்குக்கு ஒரு விளம்பரம் வரப்போகிறதாம், அதற்காகத்தான் 2 கிழமை கேட்டாராம். முழு வேலையும் வேண்டும், ஆனால் முகப்பு, சேவைகள், தொடர்பு ஆகிய 3 பக்கமும் முதலில் கிடைக்குமா என்று கேட்டார். 22 மணித்தியால வேலை, 8 நாளில் முடியும். 2,400 டொலர், பாதி முற்பணம், மிச்சப் பக்கங்கள் 3ஆம் கிழமை முடிவில் என்று அவள் எழுதினாள். அவர் ஒப்புக்கொண்டார்.

1,200 டொலர் வந்து சேர்ந்த பிறகு அவள் "கிடைத்தது, நன்றி 😊 திங்கட்கிழமை தொடங்குகிறேன்" என்று அனுப்பினாள். அந்தச் சிரிப்பு முகத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவரும் போடுகிறார், பேரமும் முடிந்துவிட்டது, இலக்கத்துக்குப் பக்கத்திலும் அது நிற்கவில்லை.